சோலினாய்டு வால்வு பட்டென்று மூடும்போது பைப் ஏன் அடி வாங்குகிறது, அதை எப்படித் தணிப்பது: சொட்டுநீர்ப் பாசனத்தைத் தானியங்கி ஆக்குவோருக்கு

கையால் திருகி மூடிக்கொண்டிருந்த கேட் வால்வுகளை எடுத்துவிட்டு, சோலினாய்டு வால்வும் ஒரு சின்ன கன்ட்ரோலரும் போடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். முதல் சில வாரங்கள் நன்றாகவே ஓடும். அப்புறம் வால்வு மூடுகிற நேரத்தில் மண்ணுக்கடியிலிருந்து "டங்" என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பிக்கும். சில மாதங்களில் ஒரு எல்போ ஒட்டு விட்டுப்போகும், அல்லது மெயின் பைப்பின் கடைசி மூடி பிடுங்கிக்கொண்டு வரும். பைப்பைக் குறை சொல்லி மாற்றுவார்கள். அதே இடத்தில் மறுபடியும் உடையும்.

இது நீரடி, அதாவது வாட்டர் ஹேமர். கையால் கேட் வால்வை மூட எப்படியும் பத்து இருபது விநாடி ஆகும் என்பதால் முன்பு இந்தத் தொல்லை இல்லை. காயிலுக்கு மின்சாரம் நின்றதும் மூடுகிற வால்வு அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை.

ஒரே ஒரு வயலை எடுத்துக்கொண்டு, கணக்குப் போட்டு, படிப்படியாகச் சரி செய்வோம். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், வழி இதேதான்.

நம் வயல்

கிணற்று மோட்டாரிலிருந்து 63 மி.மீ. பி.வி.சி. மெயின் பைப், சதுர செ.மீ.க்கு 6 கிலோ பிரஷர் தாங்கும் ரகம், 200 மீட்டர் நீளம். கடைசியில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான காய்கறிப் பாத்தி. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சோலினாய்டு வால்வு. ஒரு பகுதியில் மணிக்கு 2 லிட்டர் விடும் டிரிப்பர்கள் 7,200. ஓடும்போது வால்வுக்கு முன்னால் பிரஷர் 2.5 கிலோ.

முதல் படி: பைப்புக்குள் ஓடுவதைக் கணக்கிடுங்கள்

7,200 டிரிப்பர், தலைக்கு 2 லிட்டர் என்றால் மணிக்கு 14,400 லிட்டர். விநாடிக்கு 4 லிட்டர். இந்தப் பைப்பின் உள்விட்டம் ஏறக்குறைய 58 மி.மீ. ஆகவே தண்ணீரின் வேகம் விநாடிக்கு 1.5 மீட்டர். டிரிப்பர் எண்ணிக்கை தெரியாதவர்கள் வாட்டர் மீட்டரைப் பார்க்கலாம், அல்லது 200 லிட்டர் டிரம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கலாம். ஆனால் டிரம்மில் பிடிக்கும்போது பைப் வாய் திறந்திருப்பதால் அளவு கொஞ்சம் கூடுதலாகவே காட்டும்.

மனிதன் நடக்கிற வேகம்தானே, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். பைப்பின் மொத்தக் கொள்ளளவைப் பாருங்கள்: 200 மீட்டருக்குள் ஏறக்குறைய 530 லிட்டர். அரை டன்னுக்கு மேலான எடை, ஒரே உடம்பாக நகர்ந்துகொண்டிருக்கிறது. வால்வு மூடியதும் அதன் முன்வரிசை நின்றுவிடும். பின்னால் வருவது நிற்காது. வால்வு அருகே தண்ணீர் அமுங்கி, பைப் சுவர் லேசாக விரிந்து, அந்த அழுத்தம் ஓர் அலையாக மோட்டாரை நோக்கிப் பின்னோக்கி ஓடும்.

அந்த அலையின் வலிமையைக் கணக்கிடும் சூத்திரத்தை ரஷ்ய விஞ்ஞானி நிக்கொலாய் ஜுக்கோவ்ஸ்கி 1890களின் இறுதியில் மாஸ்கோ குடிநீர்க் குழாய்களில் செய்த சோதனைகளை வைத்து நிலைநாட்டினார். இன்றும் அதுதான் கணக்கு:

```
ΔP = ρ × a × v
```

ρ என்பது தண்ணீரின் அடர்த்தி, 1000. v நாம் கண்டுபிடித்த வேகம். a என்பது அலை ஓடும் வேகம். இது பைப்பைப் பொறுத்தது. இரும்புக் குழாயில் விநாடிக்கு 1,200 முதல் 1,300 மீட்டர் வரை. பி.வி.சி. சுவர் விரிந்து கொடுப்பதால் அதில் வேகம் மிகக் குறைவு. சுவர் தடிமனைப் பொறுத்து 300 முதல் 450 வரை இருக்கும். நம் பைப்புக்கு 350 என்று வைப்போம்.

1000 × 350 × 1.5 = 5,25,000 பாஸ்கல். ஏறக்குறைய 5.3 கிலோ. ஏற்கெனவே இருக்கிற 2.5 கிலோவையும் சேர்த்தால் 7.8 கிலோ. நம் பைப் 6 கிலோ ரகம். ஆக ஒவ்வொரு முறை வால்வு பட்டென்று மூடும்போதும் பைப் தன் எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கே உடைந்துவிடாது. நல்ல பி.வி.சி. பைப் தன் ரகத்தைத் தாண்டியும் சிறிது நேரம் தாங்கும். ஆனால் தினமும் மூன்று நான்கு தடவை இப்படி விரிந்து சுருங்கினால் பி.வி.சி. களைத்துப்போகும், சிறு கீறல் வளர்ந்து ஒருநாள் விரிசலாகும். பெரும்பாலும் முதலில் போவது ஒட்டும் மூடியும்தான். 7.8 கிலோ பிரஷரில் 63 மி.மீ. பைப்பின் கடைசி மூடியை வெளியே தள்ளும் விசை 240 கிலோ எடைக்குச் சமம். சால்வென்ட் சிமெண்டைச் சரியாகப் பூசாத ஒட்டுக்கு அது தாங்காது.

இரண்டாம் படி: எவ்வளவு மெதுவாக மூடினால் போதும்?

வால்வில் கிளம்பிய அலை மோட்டார் முனைக்குப் போய்த் திரும்ப வர ஒரு நேரம் ஆகும்: `2L / a`. L பைப்பின் நீளம். நமக்கு 400 ÷ 350, அதாவது 1.1 விநாடி. இதற்குள் வால்வு மூடிவிட்டால், அது 1 விநாடியில் மூடினாலும் 0.05 விநாடியில் மூடினாலும் அடி ஒன்றுதான், முழு 5.3 கிலோவும் விழும். இதைவிட நீண்ட நேரம் எடுத்து மூடினால்தான் அடி குறைய ஆரம்பிக்கும். சீராக மூடுகிற வால்வுக்குத் தோராயமான கணக்கு:

```
ΔP = 2 × ρ × L × v / t
```

மூடும் நேரமான t 5 விநாடி என்றால் 1.2 கிலோ. 10 விநாடி என்றால் 0.6 கிலோ. வித்தியாசத்தைப் பாருங்கள்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. "சீராக" என்பது தண்ணீர் சீராகக் குறைவது. வால்வின் கைப்பிடி சீராகத் திரும்புவது அல்ல. ஒரு பால் வால்வைப் பாதிக்கு மேல் மூடினாலும் தண்ணீர் அதிகம் குறையாது. குறைவதெல்லாம் கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் நடக்கும். எனவே 10 விநாடியில் மூடுகிற வால்வு தண்ணீருக்கு 3 விநாடியில் மூடுவது போலத்தான். அந்தக் கணக்கில் அடி 2 கிலோ. நம் வயலுக்கு 4.5 கிலோ மொத்தம். தாங்கும், ஆனால் இன்னும் குறைக்கலாம்.

இன்னொன்று. மேலே சொன்ன கணக்கு, பைப்பின் மறுமுனை ஒரு தொட்டியில் திறந்திருப்பதாக எண்ணிக்கொள்கிறது. நம் மறுமுனையில் மோட்டாரும், தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் என்.ஆர்.வி.யும் இருக்கின்றன. என்.ஆர்.வி. மூடிக்கொண்டால் அலை அங்கே தணியாது; உயர்ந்த பிரஷர் பைப்புக்குள்ளேயே அடைபட்டு நிற்கும். அதனால் 1.1 விநாடியைக் கீழெல்லையாக மட்டும் கொள்ளுங்கள். மூடும் நேரம் அதைப்போல் பத்து மடங்காவது இருக்கட்டும்.

மூன்றாம் படி: வாங்குவதற்கு முன் வரிசையை மாற்றுங்கள்

இதற்குக் காசு செலவில்லை. என் கருத்தில் பாதிக்கு மேல் தொல்லை இதிலேயே தீர்ந்துவிடும். அடி விழுவது ஓடுகிற தண்ணீரை நிறுத்துவதால்தான். தண்ணீரை நிறுத்தாமலே வால்வை மூட முடியுமா? முடியும்.

ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, பழைய வால்வை மூடிவிட்டுப் புதியதைத் திறக்கிறார்கள். கன்ட்ரோலர் நிரலிலும் அப்படித்தான் முதலில் எழுத வரும். தலைகீழாக்குங்கள்: முதலில் இரண்டாம் பகுதியைத் திறங்கள். அதன் சப்மெயினும் லேட்டரல் குழாய்களும் நிரம்ப 20, 30 விநாடி விடுங்கள். அதன் பிறகு முதல் பகுதியை மூடுங்கள். மெயின் பைப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். வேகம் கொஞ்சம்தான் மாறும். v மாறாவிட்டால் அடியும் இல்லை. இடையில் பிரஷர் சற்றுத் தாழும், டிரிப்பர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

கடைசிப் பகுதி முடியும்போது முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். 30 விநாடி பொறுத்து, பிரஷர் இறங்கிய பின் வால்வை மூடுங்கள். தொடங்கும்போது வால்வு முதலில் திறக்கவேண்டும், பிறகுதான் மோட்டார்.

இந்த வரிசையை வால்வை மெதுவாக்கி ஈடுகட்ட முடியாது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்க எல்லா வால்வும் மூடிவிட்டால், எவ்வளவு மெதுவாக மூடியிருந்தாலும் மோட்டாரின் மூடிய நிலைப் பிரஷர் முழுவதும் பைப்பில் ஏறி நிற்கும். அது 2.5 கிலோவை விட மிக அதிகமாக இருக்கலாம். மோட்டாரும் சூடேறும்.

வயல் மோட்டாரை விட மேட்டில் இருந்தால் ஒரு கவனம் தேவை. மோட்டாரை நிறுத்தியதும் மேலே போன தண்ணீர் திரும்பி வந்து என்.ஆர்.வி.யை அறையும். "டங்" சத்தம் வால்வில் கேட்காமல் மோட்டார் பக்கம் கேட்டால் இதுதான் காரணம். தொங்கும் தட்டு உள்ள என்.ஆர்.வி.யை எடுத்துவிட்டு ஸ்பிரிங் வைத்ததைப் போடுங்கள். தண்ணீர் திரும்ப ஆரம்பிப்பதற்குள் அது மூடிக்கொள்ளும்.

நான்காம் படி: காயிலைப் பி.டபிள்யூ.எம். செய்து ஏமாறாதீர்கள்

ஆர்டுயினோ, இ.எஸ்.பி.32 பழகியவர்களுக்கு உடனே தோன்றுவது: மோட்டார் வேகத்தைக் குறைப்பது போல காயிலுக்கும் மெல்ல மெல்ல மின்சாரத்தைக் குறைத்தால் வால்வும் மெல்ல மூடுமே! மூடாது.

சாதாரணப் பாசன சோலினாய்டு வால்வில் காயில் தண்ணீரை நேராக அடைப்பதில்லை. அது ஒரு சிறு துளையைத்தான் திறந்து மூடுகிறது. அந்தத் துளை மூடியதும் ரப்பர் டயாஃப்ரத்துக்கு மேலே தண்ணீர் சேர்ந்து, அந்தப் பிரஷரே அதைக் கீழே அழுத்தி வழியை அடைக்கிறது. காயிலுக்குள் இருக்கும் பிளஞ்சருக்கு மேலே, கீழே என்ற இரண்டு நிலைகள்தான். மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டே போனால் ஓர் அளவு வரை பிடித்திருக்கும், அப்புறம் விழுந்துவிடும். விழுந்தபின் வால்வு மூடும் வேகத்தைத் தண்ணீரும் டயாஃப்ரமும்தான் தீர்மானிக்கும். மேலும் டயாஃப்ரம் இருக்கையை நெருங்கும்போது கீழே ஓடும் தண்ணீரே அதை இழுத்துச் சாத்தும். பி.டபிள்யூ.எம். காயில் சூட்டைக் குறைக்க உதவும், நீரடிக்கு உதவாது.

ஓட்டத்துக்கேற்ப இடைநிலையில் நிற்கும் புரபோர்ஷனல் வால்வுகள் வேறு ரகம். அவை வயலுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பதில்லை.

ஐந்தாம் படி: மெதுவாக மூடும் வால்வு

வரிசையை மாற்றியும் சத்தம் இருந்தால், அல்லது ஒரே பகுதிதான், மேல்நிலைத் தொட்டியிலிருந்து நேராக வருகிறது என்றால், வால்வை மாற்றவேண்டும். எளிய வழி மோட்டார் பொருத்திய பால் வால்வு. மூன்று ஒயர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்: ஒன்று பொது, ஒன்று திறக்க, ஒன்று மூட. இதை நடுவழியில் நிறுத்தலாம். இரண்டு ஒயர் வால்வுகளில் மின்சாரம் போனதும் தானாகவே மூடிக்கொள்ளும் ரகம் உண்டு. அதில் இடையில் நிறுத்த முடியாது.

நம் வால்வு முழுக்க மூட 10 விநாடி எடுக்கிறது என்று வைப்போம். முதல் 6 விநாடியில் தண்ணீர் அதிகம் குறையாது என்பதால் அதை ஒரே ஓட்டமாக விடலாம். மீதியைத் துண்டு துண்டாக மூடவேண்டும்:

```cpp
const int PIN_OPEN  = 25;
const int PIN_CLOSE = 26;

void drive(int pin, int ms) {
  digitalWrite(PIN_OPEN, LOW);
  digitalWrite(PIN_CLOSE, LOW);
  delay(200);
  digitalWrite(pin, HIGH);
  delay(ms);
  digitalWrite(pin, LOW);
}

void gentleClose() {
  drive(PIN_CLOSE, 6000);
  for (int i = 0; i < 12; i++) {
    drive(PIN_CLOSE, 400);
    delay(1000);
  }
}
```

`setup()`-இல் இரண்டு பின்னையும் `OUTPUT` ஆக்க மறக்கவேண்டாம். உங்கள் ரிலே போர்டு `LOW` கொடுத்தால் இயங்கும் ரகமாக இருந்தால் `HIGH`, `LOW` இரண்டையும் இடம் மாற்றுங்கள். `drive` எப்போதும் இரண்டு ரிலேயையும் அணைத்துவிட்டுத்தான் ஒன்றைப் போடுகிறது. திறக்கவும் மூடவும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனால் வால்வு மோட்டார் கெட்டுவிடும்.

ஒவ்வொரு துண்டிலும் வால்வு 4 டிகிரிக்குக் குறைவாகவே திரும்புகிறது. அடுத்த துண்டு வர 1.2 விநாடி ஆகிறது. அலை போய்த் திரும்பும் 1.1 விநாடியை விட இது அதிகம். ஒரு சிறு அடியின் மேல் அடுத்த அடி உடனே ஏறுவதில்லை. உங்கள் பைப் 400 மீட்டர் என்றால் இந்த இடைவெளியையும் இரட்டிப்பாக்குங்கள். 12 துண்டு என்பது தேவையைவிடக் கொஞ்சம் கூடுதல். வால்வுக்குள் இருக்கும் லிமிட் சுவிட்ச் முழுக்க மூடியதும் தானே நிறுத்திவிடும். மொத்தம் 25 விநாடி.

பெரிய ஹைட்ராலிக் வால்வுகள் வைத்திருப்பவர்கள் அவற்றை மாற்றத் தேவையில்லை. டயாஃப்ரத்துக்கு மேலே தண்ணீர் போகும் சிறு குழாயில் ஒரு ஊசி வால்வு வைத்துச் சுருக்கினால் மூடும் நேரம் நீளும். அந்தச் சிறு வழியில் ஒரு மணல் அடைத்தாலும் வால்வு மூடாமலே நின்றுவிடும். முன்னால் நல்ல ஃபில்டர் வேண்டும்.

பைப்புக்குச் சில காவல்கள்

கடைகளில் கிடைக்கும் சின்ன ஹேமர் அரெஸ்டர், வாஷிங் மெஷின் போன்ற வீட்டு இணைப்புகளின் குட்டையான பைப்புக்கு ஆனது. அரை டன் தண்ணீருக்கு அது போதாது. செங்குத்தாக ஒரு பைப்பை நிறுத்தி மேலே மூடி, காற்று வைத்துவிடும் பழக்கமும் உண்டு. சில வாரங்களில் அந்தக் காற்று தண்ணீரில் கரைந்து போய்விடும், பிறகு அது வெறும் பைப்தான். வைத்தால் அவ்வப்போது வடித்துக் காற்றை நிரப்பவேண்டும்.

நான் காசு செலவழிக்கச் சொல்வது பிரஷர் ரிலீஃப் வால்வுக்கு. நம் வயலுக்கு 4.5 கிலோவில் திறக்கும்படி வைத்தால், நிரலில் பிழை வந்தாலும் ரிலே ஒட்டிக்கொண்டாலும் தண்ணீர் வெளியே பாயும், பைப் தப்பும். எல்போ, டீ, கடைசி மூடி ஆகிய இடங்களில் பைப்புக்குப் பின்னால் கெட்டி மண் வரை கான்கிரீட் கட்டிவிடுங்கள்.

கரண்ட் போனால்?

இதைப் பலர் யோசிப்பதில்லை. மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், சாதாரண சோலினாய்டு வால்வு தானே மூடிவிடும். உங்கள் நிரலுக்கு அங்கே வேலையே இல்லை. மூன்று ஒயர் பால் வால்வு நின்ற இடத்திலேயே நிற்கும், அதனால் அடி விழாது. ஆனால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கன்ட்ரோலருக்கும் வால்வுக்கும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி வைத்தால், கரண்ட் போனதை அறிந்து மெதுவாக மூடிவிடலாம்.

கரண்ட் திரும்பி வருவதுதான் அதைவிட ஆபத்து. ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரைப் போட்டுவிடும், வால்வுகளோ மூடியிருக்கும். ஒன்று ஆட்டோவை எடுத்துவிட்டு மோட்டாரையும் கன்ட்ரோலர் கையில் கொடுங்கள், அல்லது ஸ்டார்ட்டரின் தாமதத்தை வால்வு திறக்கும் நேரத்தைவிட அதிகமாக வையுங்கள்.

சரியானதா என்று பார்ப்பது

காதால் கேட்பதும், வால்வுக்கு முன்னால் பைப் மீது கை வைத்துப் பார்ப்பதும் முதல் சோதனை. அடுத்தது பிரஷர் கேஜ். நம் 200 மீட்டர் பைப்பில் உச்சப் பிரஷர் ஏறக்குறைய ஒரு விநாடி நிற்கும் என்பதால் கேஜ் முள் அதைக் காட்டிவிடும். 10 மீட்டர் பைப்பில் அது 0.06 விநாடிதான், முள் துடிப்பதைப் பார்க்கலாம், உச்சத்தை நம்ப முடியாது. அங்கே மின்னணு பிரஷர் சென்சார்தான் வேண்டும். 5 வோல்ட்டில் இயங்கி 0.5 முதல் 4.5 வோல்ட் வரை தருவது, 12 பார் அளவு, எளிதாகக் கிடைக்கிறது:

```
bar = (V - 0.5) * 3
```

இ.எஸ்.பி.32 பின் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நடுவில் இரண்டு ரெசிஸ்டர் வைத்து வோல்ட்டைப் பிரித்துக் கொடுங்கள். V என்பது பிரிப்பதற்கு முன் உள்ள வோல்ட். சென்சாரை வால்வுக்கு முன்னால், மோட்டார் பக்கமாக, டீயில் நேராகப் பொருத்துங்கள். நீண்ட டியூபில் வைத்தால் உள்ளே மாட்டும் காற்று உச்சத்தை மழுங்கடிக்கும்.

2 மில்லி விநாடிக்கு ஒருமுறை படித்து, வால்வு மூடத் தொடங்கியதிலிருந்து முடித்த பின் மேலும் 5 விநாடி வரை பெரிய மதிப்பைக் குறித்து வையுங்கள். மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஒரே பகுதியில், அதே ஓட்டத்தில் எடுங்கள். நம் வயலில் வரிசை மாற்றமும் 25 விநாடி மூடலும் சேர்ந்தபின் உச்சம் 3.5 கிலோவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் முதலில் `delay(1000)`-ஐக் கூட்டிப் பாருங்கள். அதிலும் குறையாவிட்டால் பைப்பில் காற்று மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். மேடான இடத்தில் ஏர் வால்வு இருக்கிறதா, அது அடைத்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.